மின்வெட்டில் நின்ற படம்: ஒரு சிறுகதையின் முடிவைப் பற்றிய விவாதம்

கூதல்காற்று எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மூன்று மாதங்களாகத் திருத்திக்கொண்டிருக்கும் சிறுகதை ஒன்று கடைசிப் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறது. உங்கள் கருத்துகளை அறிய விரும்பி, கதையின் சுருக்கத்தையும் சிக்கலான பகுதியையும் இங்கே தருகிறேன்.

2022 மார்ச் மாதத்தின் ஒரு மாலை. மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு லயத்து வீடு. கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் அப்பா இரண்டு நாள் லீவில் வந்திருக்கிறார். அப்பாயி இளம் வயதில் பார்த்து மறக்க முடியாமல் பேசிக்கொண்டேயிருக்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை எங்கோ தேடிப் பிடித்து, பென் டிரைவில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார். அப்பாயி, அப்பா, கொழுந்து பறித்துவிட்டு வந்து ரொட்டி சுடும் அம்மா, பதினைந்து வயது மகள், எட்டு வயது மகன் ஆகிய ஐவரும் படம் பார்க்கிறார்கள். அந்தப் படம் என் கற்பனையே. செய்யாத திருட்டுக்காகப் பழி சுமந்து வீட்டை விட்டுப் போன இளைய மகனுக்காக ஒரு தாய் பல வருடங்கள் காத்திருக்கிறாள். மழை இரவொன்றில் கதவு தட்டப்படுகிறது. மின்சாரம் அந்த இடத்தில் போகிறது. படத்தின் உண்மையான முடிவில் வந்திருப்பவன் மகன் அல்லன், மகன் இறந்த செய்தியைக் கொண்டுவந்த வேற்று மனிதன். அப்பாயி அதை மாற்றிச் சொல்கிறாள். நான் எழுதியிருப்பது இது:

“படத்தில் தாய் விளக்கைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அந்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது. ‘வந்தது யாரு?’ என்று தம்பி கேட்டான். யாரும் பேசவில்லை. பிறகு அப்பாயி, ‘வேற யாரு, மகன்தான்’ என்று சொல்லத் தொடங்கினாள். அவன் அம்மாவின் காலில் விழுந்ததையும், திருட்டுப் பழி நீங்கியதையும், ஊரே கூடி நின்றதையும் அவள் சொல்லச் சொல்ல, அம்மா கண்களைத் துடைத்துக்கொண்டாள். அப்பாயி பொய் சொல்கிறாள் என்பது அப்பாவுக்குத் தெரியும். 1973ஆம் ஆண்டு தலைமன்னார் போன கோச்சியில் ஏறிய தன் தம்பி திரும்பி வராத துயரத்தையே அவள் மாற்றிச் சொன்னாள்.”

எனக்கு இரண்டு சந்தேகங்கள். கடைசி இரண்டு வாக்கியங்களை எடுத்துவிட்டால், அப்பாயி முடிவை மாற்றினாள் என்பது வாசகருக்குப் புரியுமா? கதை முடிவதற்குள் மின்சாரம் திரும்பி வர வேண்டுமா?

மின்கம்பம் எழுதியது:

தம்பி, நான் இலக்கியம் அறிந்தவன் அல்லன், மின்வேலை செய்பவன். ஆனால் உங்கள் கதையில் ஒரு பிழை இருக்கிறது. 2022 மார்ச்சில் மின்சாரம் திடீரென்று போகவில்லை. ஒவ்வொரு பகுதியும் ஆங்கில எழுத்தொன்றால் குறிக்கப்பட்ட பிரிவில் அடங்கியிருந்தது. எந்தப் பிரிவுக்கு எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை வெட்டு என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. மாதக் கடைசியில் அது ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. அக்காலத்தில் சோறு வடிப்பதையும் போனுக்குச் சார்ஜ் ஏற்றுவதையும் அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் எல்லோரும் செய்தார்கள். அப்படியிருக்க, இந்தக் குடும்பம் மட்டும் கரண்ட் போகும் என்று அறியாமல் படம் பார்க்க உட்கார்ந்ததா?

திடீர் வெட்டுத்தான் வேண்டுமென்றால் கதையை ஜூன், ஜூலைக்கு மாற்றுங்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் யூக்கலிப்டஸ் கிளை ஒடிந்து கம்பியில் விழுவது உங்கள் பக்கத்தில் புதிதல்ல. மேலும், டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பிளக்கைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது அழுத்தம் ஏறி இறங்கி டிவியின் போர்டு எரிந்துபோகும். என் வீட்டில் அப்படி ஒன்று போயிருக்கிறது.

பழம்படப் பைத்தியம் எழுதியது:

இது எந்தப் படம்? கதாநாயகன் யார் என்று சொன்னால் உடனே கண்டுபிடித்துவிடுவேன். மழை இரவும் கையில் விளக்கும் என்கிற காட்சியை நான் எங்கோ பார்த்திருக்கிறேன். என் அம்மா ஹட்டனில் அந்தக் காலத்துப் படங்களை ஒன்று விடாமல் பார்த்தவர். அவரிடம் கேட்டுச் சொல்கிறேன்.

கூதல்காற்று எழுதியது:

பழம்படப் பைத்தியம் அண்ணா, அப்படியொரு படம் இல்லை. நான் உருவாக்கியது.

மின்கம்பம் அண்ணா சொன்னதைக் கேட்டுத் திகைத்துப் போனேன். அந்த அட்டவணையோடு நானும் வாழ்ந்தவன்தான். இருந்தும் எழுதும்போது நினைவுக்கு வரவில்லை. மாதத்தை மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன்.

மேமலை எழுதியது:

மாதத்தை மாற்றாதீர்கள் தம்பி. மின்கம்பம் சுட்டிக்காட்டியது உங்கள் கதையில் உள்ள பிழைதான், ஆனால் அது உங்களுக்குக் கிடைத்த நல்ல பிழை. கரண்ட் ஏழு மணிக்குப் போகும் என்று இந்தக் குடும்பத்துக்குத் தெரிந்திருக்கட்டும். மகள் அட்டவணையைப் பார்த்து, படத்தின் நீளத்தைக் கணக்கிட்டு, கடைசி இருபது நிமிடம் மிஞ்சும் என்று சொல்லட்டும். அப்படியும் அவர்கள் உட்காருகிறார்கள், ஏனென்றால் அப்பா மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் கொழும்புக்குத் திரும்பிவிடுவார். வேறு நேரம் இல்லை. முடிவு கிடைக்காது என்று தெரிந்தே படம் பார்க்கும் குடும்பத்துக்கும், எதிர்பாராமல் இருட்டில் அகப்பட்ட குடும்பத்துக்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. இரண்டாவது குடும்பத்துக்கு நடந்தது வெறும் தற்செயல். முதலாவது குடும்பத்தில், படம் தொடங்குவதற்கு முன்பே அப்பாயியின் மனதில் அந்த இருபது நிமிடம் ஓடத் தொடங்கிவிடுகிறது.

இனி நீங்கள் தந்த பகுதிக்கு வருகிறேன். ‘அம்மா கண்களைத் துடைத்துக்கொண்டாள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கரண்ட் போய்விட்டது, விளக்கு ஏற்றியதாக ஒரு சொல்லும் இல்லை. அவள் கண்ணைத் துடைத்ததை யார் பார்த்தார்கள்? கதையை இப்போது சொல்லிக்கொண்டிருப்பவர் சுவரையும் இருட்டையும் ஊடுருவிப் பார்க்கும் ஒருவர். அதனால்தான் அவர் அப்பாவின் மனதுக்குள்ளும் புகுந்து, ‘பொய் என்பது அப்பாவுக்குத் தெரியும்’ என்று எட்டிப் பார்த்துச் சொல்லிவிடுகிறார். இரண்டு கோளாறும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. கதையை மகளின் காதில் ஒப்படைத்துவிடுங்கள். அவளுக்குக் கேட்டது மட்டுமே வாசகருக்கும் கேட்க வேண்டும். அதற்குப் பிறகு உங்கள் முதல் கேள்வி தானாக வேறு வடிவம் எடுக்கும். அப்பாயி முடிவை மாற்றிவிட்டாள் என்பது அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியவரும்?

சாரல் எழுதியது:

மேமலை ஐயா சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். இன்னும் ஒரு படி மேலே போகலாம் என்றும் தோன்றுகிறது. கரண்ட் போன பிறகு விவரணையே இருக்கக் கூடாது. வானொலி நாடகம் போல வெறும் உரையாடல் மட்டும் வரட்டும். யார் பேசுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டாம். இருட்டை வாசகர் அப்போதுதான் உணர்வார்.

இரண்டாவது கேள்விக்கு என் பதில், மின்சாரம் கட்டாயம் திரும்பி வர வேண்டும் என்பது. போன ஒன்று வராவிட்டால் கதை முடிந்ததாகாது.

மேமலை எழுதியது:

சாரல், உங்கள் யோசனையில் பாதியை எடுத்துக்கொள்ளலாம். கண்ணுக்குப் பதில் காது என்பது சரி. ஆனால் ஐந்து பேர் பேசும் இடத்தில் பெயரும் இல்லாமல் அசைவும் இல்லாமல் உரையாடல் மட்டும் வந்தால், வாசகர் இருட்டை உணர மாட்டார். வழி தவறித்தான் போவார். வானொலி நாடகத்தில் குரல் வேறுபாடு காதில் விழுகிறது. தாளில் எல்லாக் குரலுக்கும் ஒரே எழுத்துத்தானே? அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு சத்தம் வேண்டும். அப்பாயிக்குப் பாக்குவெட்டி இருக்கிறது. அம்மாவுக்கு மாவு தட்டும் கை. மகன் படுக்கைக்கும் சுவருக்கும் இடையில் புரண்டுகொண்டேயிருப்பவன். அப்பாவுக்குச் சத்தம் கொடுக்காதீர்கள். அவர் எங்கே இருக்கிறார் என்பதே தெரியாமல் சிறிது நேரம் போகட்டும்.

இன்னொன்று. லயத்து வீட்டில் இருட்டு முழு இருட்டாக இருப்பதில்லை. ரொட்டி சுட்ட அடுப்பில் தணல் இருக்கும். தணல் வெளிச்சத்தில் முகம் தெரியாது, கை தெரியும். குப்பி லாம்பை ஏற்றலாமே என்று வாசகர் கேட்பார். அந்த மாதத்தில் மண்ணெண்ணெய்க்கு எவ்வளவு நேரம் வரிசையில் நின்றோம் என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரே வாக்கியத்தில் அதைச் சொல்லிவிட்டுக் கடந்து போங்கள். அதற்கு மேல் எழுதினால் நெருக்கடியைப் பற்றிய கட்டுரையாகிவிடும்.

டெக்காரர் எழுதியது:

நான் 1980களின் இறுதியில் டிவியையும் டெக்கையும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய்ப் படம் போட்டவன். கரண்ட் வராத லயங்களில் கார் பேட்டரியில்தான் போடுவோம். அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பேட்டரி இறங்கும்போது படம் திடீரென்று நிற்காது. முதலில் நான்கு பக்கமும் கறுப்பு விளிம்பு விழுந்து படம் உள்ளே சுருங்கும். முகங்கள் மங்கும், குரல் இழுபடும். சனம் அதைப் பார்த்தவுடனேயே, ‘சீக்கிரம் கடைசிக் கட்டத்துக்கு ஓட்டுங்க’ என்று சத்தம் போடத் தொடங்கிவிடும். நானும் பல இரவுகளில் நடுப்பகுதியை ஓட்டிவிட்டு முடிவை மட்டும் காட்டியிருக்கிறேன். அப்படியும் பேட்டரி செத்துப்போனால் முடிவைச் சொல்வது என் வேலை. வாடகைப் பணத்தில் குறைத்துவிடுவார்கள் என்ற பயத்தில், முடிவை நீட்டி, பாட்டும் பாடி, சண்டையும் கூட்டிச் சொல்வேன். ஒரே படத்துக்கு மூன்று தோட்டங்களில் மூன்று முடிவு சொன்னதும் உண்டு. பிறகு அவர்கள் திருவிழாவில் சந்தித்துக்கொண்டபோது எனக்குக் கிடைத்த ஏச்சை இங்கே எழுத முடியாது.

உங்கள் அப்பாயியும் பேட்டரி டிவியில் பார்த்தவளாக இருந்தால் நன்றாக இருக்கும்.

மேமலை எழுதியது:

டெக்காரர், அது தனிக் கதை. நீங்களே எழுத வேண்டும். அப்பாயி டவுன் தியேட்டரில் பார்த்தவளாகவே இருக்கட்டும், ஏனென்றால் அவளோடு உட்கார்ந்து பார்த்த தம்பி 1973இல் போய்விட்டான். 1964இல் கொழும்புக்கும் டெல்லிக்கும் இடையில் ஒப்பந்தம் ஆன பிறகு, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்குப் போக வேண்டியவர்களாகக் கணக்கிடப்பட்டார்கள். ஒரே குடும்பத்தில் அக்காவுக்கு இந்த நாடு, தம்பிக்கு அந்த நாடு என்று பிரிந்தது உண்மை. அவர்களை ஏற்றிச் சென்ற ரயிலை நம்மவர்கள் ஒப்பாரிக் கோச்சி என்று சொன்னதும் உண்மை. ஆனால் இதையெல்லாம் கதைக்குள் சொல்லாதீர்கள். கோச்சி என்ற சொல் ஓரிடத்தில் வந்தால் போதும்.

உங்கள் வரைவில் ‘1973ஆம் ஆண்டு’ என்று வருகிறது. அப்பாயி ஆண்டுக் கணக்கில் நினைப்பவளா? அவள் ‘பெரியவன் வயித்துல இருக்கும்போது’ என்றுதான் சொல்வாள்.

தொங்கல் வீடு எழுதியது:

இவ்வளவு பேர் பேசிவிட்டீர்கள், பக்கத்து வீட்டை ஒருவரும் நினைக்கவில்லையே! நான் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் லயத்தில் காம்பராக்களைப் பிரிக்கும் சுவர் கூரைவரை போகாது. மேலே முழங்கை அளவு இடைவெளி இருக்கும். பக்கத்து வீட்டில் இருமினால் நாங்கள் சுடுதண்ணீர் வைக்கட்டுமா என்று கேட்போம். அப்படியான வீட்டில் டிவி ஓடினால் பக்கத்து வீட்டவர்கள் பார்க்காவிட்டாலும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கரண்ட் போனால் இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத்தான் போகும். உங்கள் கதையில் ஐந்து பேர் மட்டும் தனித்து உட்கார்ந்து முடிவைச் சொல்லிக்கொள்கிறார்கள். அது வெள்ளவத்தையில் இருக்கும் ஒரு மாடி வீட்டுக் கதை.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வரட்டும். அப்பாயியோடு சேர்ந்து கொழுந்தெடுத்த வயதான ஒருத்தி, அவளும் அந்தக் காலத்தில் அந்தப் படத்தைப் பார்த்தவள். அப்பாயி ‘மகன்தான்’ என்று சொன்னவுடன் அவள், ‘இல்லையே அக்கா’ என்று தொடங்கட்டும்.

கூதல்காற்று எழுதியது:

அக்கா, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் தனி வீட்டுத் திட்டத்தில் கட்டிய வீட்டில் வளர்ந்தவன். லயத்தை அம்மம்மாவின் வீடாக மட்டுமே அறிவேன். அந்தச் சுவரை நான் பார்த்திருக்கிறேன், ஆனால் அதற்கு மேலாகப் பேசிக்கொண்டவர்களோடு வாழவில்லை.

அவள் ‘இல்லையே அக்கா’ என்று சொன்னால், பிள்ளைகளுக்கும் உண்மை தெரிந்துவிடாதா?

மேமலை எழுதியது:

முழுமையாகச் சொல்ல விடாதீர்கள். தொடங்கட்டும், நிற்கட்டும். அந்த நிறுத்தம்தான் உங்கள் முதல் கேள்விக்கு விடை. ‘அப்பாயி பொய் சொல்கிறாள்’ என்று கதைசொல்லி சொல்வதற்குப் பதிலாக, அந்த முடிவை அறிந்த இன்னொருத்தி தன் நினைவை விட்டுக்கொடுக்கிறாள். சிறு பிள்ளைக்கு அது பிடிபடாது. மகளுக்கு அரைகுறையாகப் பிடிபடும். வாசகர் தாமே கண்டுகொள்வார்.

அப்பாவுக்கு எப்படித் தெரியும் என்பதையும் நீங்கள் எழுதவில்லை. பென் டிரைவில் ஏற்றிய படம் பாதியில் நின்றுவிடுமோ என்று அவர் கடையிலேயே ஒரு தடவை கடைசிவரை ஓட்டிப் பார்த்திருக்கலாம். இதைக் கரண்ட் இருக்கும்போதே, ரொட்டிக்குச் சம்பல் இடிக்கும் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுங்கள். இருட்டுக்குப் பிறகு சொன்னால் வாசகர் உங்கள் கையைப் பிடித்துவிடுவார். ஒரு விதை மண்ணுக்குள் போக வேண்டுமென்றால் அதைப் போடும்போது யாரும் கவனிக்கக் கூடாது.

மற்றொன்றும் நினைவுக்கு வருகிறது. கதை மார்ச்சில் நடக்கிறது, அதாவது மாசி மாதம் முடிகிற காலம். தோட்டத்தில் காமன் கூத்து ஆடி முடிந்து சில நாட்களே ஆகியிருக்கும். சிவனுடைய நெற்றிக்கண்ணில் மதன் எரிந்து, ரதி அழுது புரண்டு, பிறகு அவன் உயிர் பெற்றதை அந்தச் சிறுவன் இரவெல்லாம் விழித்திருந்து பார்த்திருப்பான். தஞ்சைப் பக்கத்து லாவணிக்காரர்கள் ‘எரிந்த கட்சி’, ‘எரியாத கட்சி’ என்று பிரிந்து நின்று, காமன் எரிந்தானா இல்லையா என்று விடிய விடிய வாதாடுவார்கள். எல்லோருக்கும் தெரிந்த முடிவைக் கட்சி கட்டி வாதாடுகிற மரபு நம்முடையது. உங்கள் கதை அந்த மரபின் கடைக்குட்டி. ஆனால் இதையும் அப்பாயியின் வாயில் வைத்துவிடாதீர்கள். பையன் ஒரு வரி சொன்னால் போதும்.

சாரல் எழுதியது:

ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். அப்பா கடையில் ஓட்டிப் பார்த்ததும் பக்கத்து வீட்டுக் குரல் தடுமாறுவதும் ஒரே செய்தியைத்தானே சொல்கின்றன? இரண்டும் இருந்தால் அதிகமாகிவிடாதா?

மேமலை எழுதியது:

நல்ல கேள்வி. எனக்கும் தெளிவில்லை. ஒன்றை எடுக்க வேண்டுமென்றால் நான் அப்பாவை எடுத்துவிடுவேன். தம்பி எழுதிப் பார்க்கட்டும்.

கூதல்காற்று எழுதியது:

நான்கு நாட்களாக எழுதிப் பார்த்தேன். அட்டவணையை மகளின் கையில் கொடுத்துவிட்டேன், கதையை அவளுடைய காதில் வைத்துவிட்டேன். அப்பாவையும் எடுக்கவில்லை. இருட்டுக்குப் பிறகான பகுதி இப்போது இப்படி இருக்கிறது:

“ஏழு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே போய்விட்டது. படத்தில் தாய் விளக்கைத் தூக்கியிருந்தாள், வெளிச்சம் இன்னும் வந்தவன் முகத்தில் விழவில்லை. லயம் முழுவதும் ‘ஓ’ என்று ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. போத்தலில் மண்ணெண்ணெய் இல்லாதது தெரிந்ததால் யாரும் லாம்பைத் தேடவில்லை.

‘வந்தது யாரு?’ தம்பியின் குரல் பாயிலிருந்து வந்தது. ‘பொலிஸா?’

‘பொலிஸ் எதுக்குடா கதவத் தட்டுறான், ஒதைச்சிட்டுத்தான் வருவான்,’ என்றாள் அம்மா. மாவு தட்டும் சத்தம் நிற்கவில்லை.

பாக்குவெட்டி ஒரு தடவை கடித்தது. ‘மகன்தான் வந்துட்டான்,’ என்றாள் அப்பாயி.

சுவருக்கு மேலாக இருமல் கேட்டது. ‘இல்லையே அக்கா,’ என்றது பக்கத்து வீட்டுக் குரல். ‘அது வந்து, அந்த ஆளு…’

பாக்குவெட்டி அடுத்த தடவை கடிக்கவில்லை. அடுப்பில் ஒரு விறகு சரிந்தது. தணலில் அம்மாவின் கை மட்டும் தெரிந்தது. அதில் ரொட்டி அப்படியே இருந்தது.

‘ஆமா, ஆமா,’ என்றது சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரல். ‘மகன்தான். எனக்குத்தான் வேற படம் ஞாபகம் வந்திருச்சு. நீங்க சொல்லுங்க அக்கா.’

‘செத்துப் போய்ட்டான்னுதானே ஊர்ல சொன்னாங்க?’ என்றான் தம்பி. அவனே பதிலும் சொன்னான்: ‘மதனும்தான் எரிஞ்சான். எழும்பலையா?’

‘எழும்பினான்,’ என்றாள் அப்பாயி. ‘தலையெல்லாம் நனைஞ்சு போயி நிக்கிறான். கோச்சிய விட்டு எறங்கி நேரா வந்திருக்கான். கையில ஒரு தகரப் பொட்டி.’

படத்தில் கோச்சி வரவில்லை. தகரப் பெட்டியும் வரவில்லை. நான் கேட்க நினைத்தேன்.

‘வந்தவன் சாப்புட்டானா?’ என்று அம்மா கேட்டாள்.

அதற்கு அப்பாயி நெடுநேரம் பதில் சொல்லவில்லை. பிறகு, சுட்ட ரொட்டியையும் கட்டச் சம்பலையும் அவன் சாப்பிட்டதை, எத்தனை ரொட்டி என்ற கணக்கோடு சொன்னாள்.

‘அப்பா, நீங்க கடையில பாத்தீங்கதானே? அப்படியா முடியுது?’ என்றான் தம்பி.

அப்பாவின் குரல் நான் நினைத்த இடத்திலிருந்து வரவில்லை. அவர் வாசல் பக்கம் போயிருந்தார். ‘அப்பாயி சொன்னா சரியாத்தான் இருக்கும்,’ என்றார்.”

தொங்கல் வீடு எழுதியது:

‘வந்தவன் சாப்புட்டானா’ என்று கேட்கிறாளே, அவள் எங்கள் அம்மாவேதான். ஒரு சிறு குறை மட்டும். மாவு ‘தட்டும் சத்தம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ரொட்டியைத் தட்டும்போது பெரிய சத்தம் வராது. தட்டில் மாவைப் போட்டு உள்ளங்கையால் அழுத்தும் சத்தம்தான் வரும். அதைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

மேமலை எழுதியது:

நன்றாக வந்திருக்கிறது. ‘படத்தில் கோச்சி வரவில்லை, தகரப் பெட்டியும் வரவில்லை’ என்ற இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சற்று வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன். படத்திலிருந்து அவள் எங்கே வெளியேறினாள் என்பது ஒரு பெட்டியில் தெரிந்துவிடுகிறது. அதனால் ‘நான் கேட்க நினைத்தேன்’ என்ற வாக்கியம் தேவையில்லை, எடுத்துவிடுங்கள். அப்பாவைப் பற்றி நான் சொன்னதையும் திரும்பப் பெறுகிறேன். பக்கத்து வீட்டுக்காரி தடுமாறி ஒத்துக்கொள்கிறாள், அவர் வாசலுக்குப் போய் ஒத்துக்கொள்கிறார். இரண்டும் ஒரே செய்தியல்ல.

மின்சாரம் திரும்பி வருவதுதான் மிச்சம். இது பென் டிரைவாக இருப்பதால் வரும் சிக்கல். தொலைக்காட்சி அலைவரிசையில் போன படமாக இருந்தால் முடிவு போனது போனதுதான். பென் டிரைவில் உண்மையான முடிவு கதவுக்குப் பின்னால் நிற்கும் ஆளைப் போல நின்றுகொண்டேயிருக்கிறது. கரண்ட் வந்தால் யாராவது பட்டனை அழுத்த வேண்டும், அல்லது அழுத்தாமல் இருக்க வேண்டும். எது செய்தாலும் அது கதையின் கடைசிச் செயலாகிவிடும். நான் நீங்களாக இருந்தால் அலைவரிசைக்கு மாற்றிவிடுவேன்.

கூதல்காற்று எழுதியது:

ஐயா, அலைவரிசைக்கு மாற்றினால் அப்பா அந்தப் படத்தைத் தேடிக் கொண்டுவந்தது போய்விடும், கடையில் ஓட்டிப் பார்த்ததும் போய்விடும். இப்போது எழுதிவைத்திருக்கும் கடைசி வரி இது: எல்லோரும் தூங்கிய பிறகு கரண்ட் வருகிறது. டிவியின் மூலையில் சிவப்புப் புள்ளி எரிகிறது. அப்பாயி விழித்திருப்பதை மகள் பாக்குவெட்டியின் சத்தத்தில் அறிகிறாள்.

மின்கம்பம் எழுதியது:

பிளக்கைக் கழற்றியிருந்தால் சிவப்புப் புள்ளி எரியாது என்பதை மீண்டும் நினைவூட்டுகிறேன்.

சாரல் எழுதியது:

மின்கம்பம் அண்ணா விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, எனக்கு அது சரியாகப் படுகிறது. தூங்கப் போவதற்கு முன் அப்பா பிளக்கைக் கழற்றட்டும். அவர் போர்டு எரிந்துவிடும் என்று சொல்லிக் கழற்றுகிறார். மகள் அதை நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். கரண்ட் வந்ததா என்பதே அந்த வீட்டில் தெரியாது. பக்கத்து வீட்டு வெளிச்சம் சுவரின் இடைவெளி வழியாகக் கூரையில் விழுவதிலிருந்துதான் அவளுக்குத் தெரியும். மின்சாரம் வர வேண்டும் என்று நான் சொன்னதும் நடக்கிறது.

மேமலை எழுதியது:

மிக அழகாக இருக்கிறது, அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அப்பா வாசலுக்குப் போனது போதாதென்று பிளக்கையும் கழற்றினால், அவர் அப்பாயியைக் காப்பாற்றும் நல்ல மனிதராக ஆகிவிடுவார். எனக்கு அவர் வெறும் களைத்த மனிதராக இருப்பதே பிடித்திருக்கிறது. அம்மாவின் கேள்விக்கு அடுத்த பத்து வரிக்குள் கதையை முடித்துவிடலாம் என்பதே என் எண்ணம்.

கூதல்காற்று எழுதியது:

இரண்டு விதமாகவும் எழுதி வைத்துக்கொள்கிறேன். அடுத்த வாரம் அம்மம்மாவின் லயத்துக்குப் போகிறேன். கூரையில் வெளிச்சம் அப்படி விழுமா என்பதை இரவில் பார்த்துவிட்டு முடிவு செய்வேன்.

பழம்படப் பைத்தியம் எழுதியது:

தாமதத்துக்கு மன்னிக்கவும். அம்மாவிடம் கேட்டேன். அந்தப் படத்தை அவர் ஹட்டனில் பார்த்திருக்கிறாராம், பெயர்தான் நினைவில்லை. கடைசியில் மகன் வந்துவிடுவதாக உறுதியாகச் சொல்கிறார். பக்கத்தில் இருந்த சின்னம்மா, வரவில்லை என்கிறார். இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.